திரையில் 31 என்று வந்தால்: வாஷிங் மெஷின் படத்தை வைத்து முதலில் எதைப் பார்ப்பது

கானாடுகாத்தானிலிருந்து ஒரு படம் வந்தது. கறுப்புப் பின்னணி, நடுவில் சிவப்பாக 31. வேறு ஒன்றும் இல்லை. கூடவே ஒரு குரல் பதிவு: "தம்பி, மிஷின்ல முப்பத்தொண்ணுன்னு வந்து கத்திக்கிட்டே இருக்கு. மூணு தடவை அணைச்சுப் போட்டுட்டேன். இங்க ஒருத்தர் வந்து பாத்துட்டு போர்டு போயிருச்சுங்கறார். நாளன்னைக்கு வீட்ல விசேஷம், போர்வையெல்லாம் அப்படியே கிடக்கு."

காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு இந்த வேலையைப் பல வருஷமாகச் செய்கிறேன். பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று எங்கிருந்தாவது தினம் ஒரு படம் வந்துவிடும். பாதிப் படங்களில் கோளாறு மெஷினில் இருப்பதற்கு முன்னால் படத்தில் இருக்கும். ஆச்சி சொன்ன மெஷினில் 31 என்று ஒரு குறியீடே கிடையாது. படத்தைத் தலைகீழாகத் திருப்பினேன். IE என்று வந்தது. தண்ணீர் போதவில்லை என்பதற்கு அந்த மெஷின் காட்டும் எழுத்து அதுதான்.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பிறகு ஏமாற மாட்டீர்கள். மேலே மூடி திறக்கும் மெஷினில் திரை வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கும். அதைப் படமெடுக்க போனை நேர் கீழே கவிழ்த்துப் பிடிக்கிறோம். போன் நிமிர்ந்து இருந்தால் எது மேல், எது கீழ் என்று அதற்குத் தெரியும். தரையைப் பார்த்துக் கவிழ்ந்துவிட்டால் தெரியாது. ஏதோ ஒரு பக்கத்தை மேல் என்று வைத்துக்கொண்டு படத்தைச் சேமித்துவிடும். எண் நன்றாகத் தெரியட்டும் என்று பக்கத்தில் போய் எடுக்கும்போது, சுற்றியிருக்கும் பொத்தான்களின் பெயர்களும் படத்திலிருந்து விழுந்துவிடும். அப்புறம் தலைகீழ் என்று காட்டிக்கொடுக்க எதுவும் மிஞ்சாது.

இந்தத் திரைகளில் ஒவ்வொரு எழுத்தும் ஏழு கோடுகளால் ஆனது. 8 என்ற எண்ணில் இருக்கும் ஏழு கோடுகளில் சிலதை எரியவிட்டு, சிலதை அணைத்துத்தான் மற்றவற்றைக் காட்டுவார்கள். அதனால் E தலைகீழானால் அச்சாக 3 ஆகிவிடும். IE கவிழ்ந்தால் 31. தண்ணீர் வெளியேறவில்லை என்னும் OE கவிழ்ந்தால் 30. அதையே 5E என்று காட்டும் மெஷினில் 35. மோட்டார் சிக்கலைச் சொல்லும் LE கவிழ்ந்தால் 37. தண்ணீர் வரவில்லை என்பதை 4E என்று சொல்லும் மெஷினில் அது 3h ஆகி, இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறதோ என்று நினைக்க வைக்கும். 30, 35, 37 எல்லாம் பாக்கி நிமிடம் போலவே இருக்கும் என்பதுதான் இதில் வம்பு. "முப்பது நிமிஷம்னு காட்டிட்டு அப்படியே நிக்குது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் படத்தைத் திருப்பித்தான் பார்ப்பேன். நிமிடமாக இருந்தால் கொஞ்ச நேரத்தில் குறையும். குறியீடாக இருந்தால் மெஷின் நின்றுவிட்டிருக்கும், எண்ணும் நகராது, பெரும்பாலும் சத்தமும் போடும்.

நிமிர்ந்த படத்திலேயே ஏமாறவும் வழி உண்டு. ஏழு கோட்டில் 5 என்பதும் S என்பதும் ஒன்றுதான். 0 என்பதும் O என்பதும் ஒன்றுதான். 1 என்பதும் I என்பதும் அப்படியே. ஆகவே "அது எண்ணா எழுத்தா" என்று சண்டை போட வேண்டாம், இரண்டாகவும் தேடிப் பாருங்கள். இன்னொன்று, வெயில் விழும் இடத்தில் எடுத்த படம். இந்தத் திரைகளில் பலவற்றில் எல்லா எழுத்தும் ஒரே சமயத்தில் எரிவதில்லை. ஒன்று மாற்றி ஒன்று, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் எரிந்து அணையும். வெளிச்சம் அதிகமாக இருந்தால் கேமரா மிகச் சின்னப் பொழுதில் படத்தை எடுத்துவிடுகிறது. அந்தப் பொழுதில் ஓர் எழுத்து அணைந்திருந்தால் படத்தில் அது இருக்காது. வளவில் வெயில் பட வைத்திருக்கும் மெஷினிலிருந்து வரும் படங்களில் வெறும் E மட்டும் நிற்பது இதனால்தான்.

அதனால் நான் கேட்பது இதுதான். ஒரு துண்டை வைத்துத் திரைக்கு நிழல் கொடுங்கள். பொத்தான்களின் பெயரும் சேர்ந்து தெரிகிற தூரத்தில் நின்று, படம் வேண்டாம், 10 விநாடி வீடியோ எடுங்கள். மாறி மாறி வரும் எழுத்துகளும், எத்தனை தடவை பீப் அடிக்கிறது என்பதும் அதிலேயே வந்துவிடும். இதை முடித்த பிறகுதான் பிளக்கைப் பிடுங்க வேண்டும். அணைத்தால் குறியீடு போய்விடும், மறுபடி வருவதற்கு இன்னொரு தடவை ஓட்டிக் காத்திருக்க வேண்டும். அடுத்து, மாடல் எண் உள்ள ஸ்டிக்கரையும் ஒரு படம் எடுங்கள். முன்பக்கக் கதவு மெஷினில் கதவைத் திறந்தால் விளிம்பில் இருக்கும், மேல்மூடி மெஷினில் பெரும்பாலும் முதுகில் இருக்கும்.

ஸ்டிக்கர் எதற்கு என்றால், ஒரே எழுத்துக்கு ஒவ்வொரு கம்பெனியிலும் ஒவ்வொரு பொருள். எல்ஜியில் LE வந்தால் மோட்டார் பக்கம் பார்க்க வேண்டும். சாம்சங்கில் அதே LE தண்ணீர்க் கசிவை, நீர்மட்டம் இறங்குவதைச் சொல்லும். திருப்பியும் உண்டு: தண்ணீர் வரவில்லை என்பதை எல்ஜி IE என்றும், சாம்சங் 4E அல்லது 4C என்றும், போஷ் E17 என்றும் சொல்லும். CL என்று வந்தால் அது கோளாறே இல்லை, குழந்தைகள் பொத்தானை அழுத்தாமல் இருக்கப் போடும் பூட்டு. அந்தப் பொத்தானை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் போய்விடும். இதற்குக்கூட மெக்கானிக்கை வரச் சொல்லிக் காசு கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

இனி ஆச்சியின் IE. எங்கள் பக்கத்தில் அதிகம் வருவது இதுதான், ஆகவே இதை மட்டும் கடைசிவரை பார்ப்போம்.

குறியீடு என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை

தண்ணீர் உள்ளே வருகிறதா என்று மெஷினுக்கு நேராகத் தெரியாது. அதற்குத் தெரிவது நீர்மட்டம் மட்டும்தான். தொட்டியின் அடியிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாய் மேலே ஏறி ஓர் உணரியில் முடிகிறது. தொட்டியில் தண்ணீர் ஏற ஏற, அந்தக் குழாய்க்குள் இருக்கும் காற்று அழுத்தப்படும். அந்த அழுத்தத்தை வைத்துத்தான் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று மெஷின் கணக்குப் போடுகிறது. வால்வைத் திறக்கச் சொல்லிவிட்டு, இத்தனை நிமிடத்துக்குள் மட்டம் இவ்வளவு வர வேண்டும் என்று காத்திருக்கும். வராவிட்டால் IE. அவ்வளவுதான்.

அதனால் IE என்பது "வால்வு கெட்டுவிட்டது" என்ற செய்தி அல்ல, "நான் காத்திருந்த நேரம் தீர்ந்துவிட்டது" என்ற செய்தி. குழாய் மூடியிருந்தாலும் IE. தண்ணீர் மெதுவாக வந்தாலும் IE. வந்த தண்ணீர் அடியில் ஓடிப்போனாலும் IE. நன்றாக நிரம்பியும் அந்த ரப்பர் குழாய் அடைத்திருந்தாலும் IE. இதில் எது என்று திரை சொல்லாது. காது சொல்லும், கண் சொல்லும். ஆகவே மெஷினைப் போட்டுவிட்டு, பக்கத்தில் இரண்டு நிமிடம் நின்று கேளுங்கள்.

"ம்ம்ம்" என்று முனகுகிறது, தண்ணீர் இல்லை அல்லது நூலாக விழுகிறது

இதுதான் நல்ல அறிகுறி. முனகல் கேட்டால் போர்டு மின்சாரம் அனுப்புகிறது, வால்வின் சுருளும் வேலை செய்கிறது என்று பொருள். தண்ணீர்தான் வந்து சேரவில்லை. போர்டு போய்விட்டது என்று சொல்பவரை இந்த ஒரு சத்தத்தை வைத்தே வாசலோடு அனுப்பிவிடலாம். ஆச்சியிடம் "ஏதாவது முனகல் கேக்குதா ஆச்சி?" என்றேன். போனை மெஷின் பக்கம் பிடித்தார். தெளிவாகக் கேட்டது.

முதலில் குழாய். "வேலையாள் திறந்துட்டேன்னு சொல்றான்" என்பதை ஏற்க வேண்டாம். பழைய வட்டக் கைப்பிடி வால்வுகளில் உள்ளே தண்டு முறிந்திருந்தால் கைப்பிடி மட்டும் சுற்றும், உள்ளிருக்கும் கதவு எழும்பாது. வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டிக்கிடக்கும் வீடுகளில் இது சாதாரணம்.

சந்தேகத்தைத் தீர்க்க வாளிச் சோதனை. பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். குழாயை மூடி, மெஷினின் முதுகில் இருக்கும் தண்ணீர்க் குழாயின் பிளாஸ்டிக் மரையைக் கையாலேயே திருகிக் கழற்றுங்கள். குழாய்க்குள் நிற்கும் தண்ணீர் கொட்டும், கீழே வாளி இருக்கட்டும். குழாயின் முனையை 10 லிட்டர் வாளிக்குள், மெஷினில் மாட்டியிருந்த அதே உயரத்தில் பிடித்துக்கொண்டு முழுக்கத் திறங்கள். நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று போனில் பாருங்கள். உயரம் முக்கியம். தரையில் போட்டுச் சோதித்தால் தண்ணீர் நன்றாக வருவது போலக் காட்டி ஏமாற்றும்.

ஒரு நிமிடத்துக்கு அக்கம்பக்கத்தில் நிறைந்தால் குழாயில் குறையில்லை. நான்கு நிமிடம் ஆனால், மேல்மூடி மெஷினுக்கு ஒரு தடவை 50 லிட்டர் வேண்டும் என்று வையுங்கள், 20 நிமிடம் ஆகும். எந்த மெஷினும் அவ்வளவு பொறுமையோடு பார்த்துக்கொண்டிருக்காது.

ஆச்சி வீட்டில் வாளி 70 விநாடியில் நிறைந்தது. அப்படியானால் தடை குழாய்க்கும் வால்வுக்கும் நடுவில். அங்கே இருப்பது ஒரு சின்ன வலைச் சல்லடை, கட்டைவிரல் நகம் அளவு. குழாயைக் கழற்றிய வாயில் எட்டிப் பார்த்தால் தெரியும். நடுவில் ஒரு சின்ன மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும், கொறடாவால் அதைப் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும். ஆட்டி ஆட்டி இழுத்தால் மூக்கு முறியும், அப்புறம் எடுப்பது பெரிய வேலை. ஆச்சியின் மருமகன் எடுத்து அனுப்பிய படத்தில் வலையே தெரியவில்லை, செம்மண் பூசிய பொத்தான் மாதிரி இருந்தது. எட்டு மாதம் பூட்டிய வீடு. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் அடியில் படிந்த வண்டல், வந்த அன்று மோட்டார் போட்டதும் கலங்கி முதல் தண்ணீரோடு கிளம்பி வந்து இங்கே சிக்கியிருக்கிறது.

பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் மண் போய்விடும். வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ அரை மணி நேரம் ஊறவிடுங்கள். குழாயின் மறுமுனையிலும் சில மாடல்களில் இன்னொரு வலை உண்டு, அதையும் பாருங்கள்.

"வலை இருந்தால்தானே அடைக்கிறது" என்று அதைத் தூக்கி எறிந்துவிட்டு ஓட்டுபவர்கள் உண்டு. செய்யாதீர்கள். ஒரு மணல் துகள் வால்வின் ரப்பர் இருக்கையில் போய் உட்கார்ந்தால் வால்வு முழுக்க மூடாது. அணைத்து வைத்த மெஷினில் இரவெல்லாம் தண்ணீர் சொட்டி நிறையும். IE போய் FE வரும், அதாவது தண்ணீர் அளவுக்கு மேல் நிறைந்துவிட்டது என்று. வலையைத் திரும்ப மாட்டி, மரைக்குள் ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று பார்த்து, கையால் இறுக்கி, குழாயைத் திறந்து இரண்டு நிமிடம் ஒழுகுகிறதா என்று பார்த்த பிறகு பிளக்கைப் போடுங்கள்.

ஆச்சி வீட்டில் மெஷின் ஓடியது. மறுநாள் காலையில் இரண்டு தடவை போர்வை துவைத்து எடுத்தார்கள். நானும் முடிந்தது என்று நினைத்தேன்.

காலையில் ஓடியது, சாயங்காலம் அதே குறியீடு

ஆறரை மணிக்கு மறுபடி படம். இந்தத் தடவை பொத்தானெல்லாம் தெரிகிற மாதிரி, நிமிர்ந்த IE. மருமகன் வலையை மறுபடி கழற்றிப் பார்த்திருக்கிறார், சுத்தமாக இருந்ததாம். எனக்கு உறைத்தது அப்போதுதான். விட்டு விட்டு வரும் IE பெரும்பாலும் மெஷினுக்கு வெளியே இருக்கும். உள்ளே கெட்டுப்போனது காலையில் நல்லபடியாகவும் மாலையில் மோசமாகவும் இருப்பது அபூர்வம்.

"இப்ப அதே வாளியைப் பிடிச்சுப் பாருங்க" என்றேன். நான்கு நிமிடம் ஆகியும் வாளி நிறையவில்லை. "யாராவது குளிக்கிறாங்களா?" என்றேன். கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டுச் சிரித்தார். விசேஷத்துக்கு வந்தவர்கள் மூன்று குளியலறையிலும் இருக்கிறார்களாம்.

இந்த வீடுகளின் நீளம் உங்களுக்குத் தெரியும். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்கட்டுக் கதவு. தண்ணீர்த் தொட்டி முன்பக்கம் மொட்டைமாடியில், மெஷின் மூன்றாங்கட்டில் கிணற்றடி ஓரம். நடுவில் அரை அங்குலக் குழாய் நூறடி ஓடி வருகிறது. வழியில் அதே குழாயிலிருந்துதான் மூன்று குளியலறைக்கும் கிளை பிரிகிறது. அத்தனை பேரும் எடுத்துக்கொண்டது போக மிச்சம் மெஷினுக்கு.

உயரக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுவோம். தண்ணீரின் மேல்மட்டத்துக்கும் மெஷினின் வாய்க்கும் இடையே ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய 0.1 பார் அழுத்தம் கிடைக்கும். பல மெஷின்களின் கையேட்டில் குறைந்தது 0.3 பார் வேண்டும் என்று போட்டிருக்கும், அதாவது 3 மீட்டர். சில மாடல்கள் அதைவிடக் கூடுதலாகக் கேட்கும். மருமகன் கயிறு விட்டு அளந்தார். தொட்டியின் அடி மெஷின் வாயிலிருந்து 3 மீட்டர், தொட்டியில் தண்ணீர் நிறைந்தால் இன்னும் ஒரு மீட்டர். காலையில் தொட்டி நிறைந்திருந்தபோது 0.4 பார். சாயங்காலம் தொட்டி அடிமட்டத்தில், 0.3 பார், அதிலும் குளியலறைகள் பங்கு போட்டுக்கொண்டன. வால்வுக்குள் இருக்கும் ரப்பர்த் தகட்டை எழுப்பி வழி விடுவதற்கே தண்ணீரின் அழுத்தம்தான் துணை. அது குறைந்தால் வால்வு முனகிக்கொண்டே இருக்கும், வாய் முழுக்கத் திறக்காது.

வாளி இல்லாத நேரத்தில் ஒரு சின்னச் சோதனை: குழாயின் முனையைக் கட்டைவிரலால் அடைத்துப் பாருங்கள். சுலபமாக அடைத்து வைத்துக்கொள்ள முடிந்தால் அழுத்தம் குறைவு. விரலைத் தள்ளிக்கொண்டு பீய்ச்சினால் போதும். துல்லியமான அளவு இல்லை, ஆனால் போனில் கேட்டுச் சொல்ல இது உதவுகிறது.

நாளைக்கு விசேஷம் என்பதால் அன்றைக்குத் தந்த வழி எளியது: எல்லோரும் குளித்து முடித்த பிறகு, பத்து மணிக்கு மேல், மாடித் தொட்டியை நிரப்பிவிட்டுப் போடுங்கள். அவசரமென்றால் மெஷின் மூடியைத் திறந்து இரண்டு மூன்று வாளித் தண்ணீரை நேராக உள்ளே ஊற்றுங்கள். மேல்மூடி மெஷினில் அது செல்லும். மட்டம் வேகமாக ஏறிவிட்டால் மெஷின் கேள்வி கேட்காது. முன்பக்கக் கதவு மெஷினில் இதைச் செய்ய வழியில்லை. நிரந்தரமாக வேண்டுமானால் தொட்டியிலிருந்து மெஷினுக்கு மட்டும் தனிக் குழாய், அல்லது அந்த வழியில் சின்ன அழுத்த மோட்டார். தனிக் குழாய் போடுவதானால் முக்கால் அங்குலத்தில் போடுங்கள், நூறடித் தூரத்துக்கு அரை அங்குலம் திணறும்.

தண்ணீர் நன்றாக விழுகிறது, ஆனாலும் நிறையவே இல்லை

இது வேறு கதை. உள்ளே கொட்டும் சத்தம் கேட்கும், பத்து நிமிடம் கழித்து மூடியைத் திறந்தால் தண்ணீர் கணுக்கால் அளவில் நிற்கும். அப்போது மெஷினை விட்டுவிட்டுக் கழிவுக் குழாயின் முனையைப் பாருங்கள். துவைக்கத் தொடங்கும் முன்பே அங்கே தண்ணீர் ஒழுகினால் விஷயம் தெரிந்துவிட்டது.

முன்பக்கக் கதவு மெஷின்களிலும், பம்ப் வைத்த மேல்மூடி மெஷின்களிலும் கழிவுக் குழாயை உயரத்தில் மாட்ட வேண்டும். முன்பக்கக் கதவு மெஷினுக்கு ஏறக்குறைய 60 முதல் 100 செ.மீ. உயரம். சாக்கடைக்குப் பக்கம் என்று தரையில் போட்டுவிட்டால் தண்ணீர் தானாகவே உறிஞ்சி வெளியே போய்க்கொண்டிருக்கும். வீடு கழுவும்போது கொக்கியிலிருந்து எடுத்துக் கீழே போட்டவர்கள் திரும்ப மாட்ட மறந்திருப்பார்கள்.

பம்ப் இல்லாத மேல்மூடி மெஷினில் கழிவுக் குழாய் தரையில் கிடப்பதுதான் சரி. அங்கே தண்ணீரைத் தடுத்து நிறுத்துவது அடியில் இருக்கும் ஒரு வடிகால் வால்வு. சட்டைப் பொத்தான், நாணயம், ஊக்கு ஏதாவது அதன் நடுவில் சிக்கினால் மூடாது. முதலில் செய்து பார்க்கக்கூடியது, இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றி வடிய மட்டும் ஓட்டுவது. வேகமாக ஓடும் தண்ணீரோடு சிக்கியது சில சமயம் வெளியே வந்துவிடும். வராவிட்டால் அடியில் திறந்து பார்க்க வேண்டும், அது மெக்கானிக் வேலை.

தண்ணீர் தாராளமாக நிறைகிறது, ஒழுகவும் இல்லை, ஆனாலும் IE என்றால் மிஞ்சுவது அந்த மெல்லிய ரப்பர் குழாயும் உணரியும். நாள்பட்ட சோப்புச் சேறு குழாயின் அடிவாயை அடைத்திருக்கும். அல்லது பூட்டிய வீட்டில் எலி கடித்திருக்கும். எலி கடித்த குழாயை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இதற்கும் முதுகுத் தகட்டைத் திறக்க வேண்டும், வீட்டில் முயல வேண்டாம்.

முனகலும் இல்லை, தண்ணீரும் இல்லை

வலை சுத்தம், வாளி ஒரு நிமிடத்தில் நிறைகிறது, ஆனால் மெஷின் போட்டதும் அமைதி. இங்கேதான் வால்வின் சுருளையோ, கம்பி இணைப்பையோ, கடைசியாகப் போர்டையோ சந்தேகிக்க நியாயம் இருக்கிறது. வருகிற மெக்கானிக் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வால்வின் இரண்டு முனைகளிலும் மல்டிமீட்டர் வைப்பார். நம் ஊர் மின்சாரத்தில் ஓடும் வால்வுகளில் நல்ல சுருள் சில ஆயிரம் ஓம் காட்டும். முள்ளே அசையாவிட்டால் சுருள் அறுந்தது, வால்வை மாற்றினால் போதும். சுருள் நன்றாக இருந்து, தண்ணீர் எடுக்கும் நேரத்தில் அதற்கு மின்சாரம் வரவில்லை என்று அளந்து காட்டினால் மட்டும் போர்டுப் பேச்சுக்குச் சம்மதியுங்கள். மீட்டரை எடுக்காமல் போர்டு என்று சொல்பவரிடம், "அளந்து காட்டுங்கண்ணே" என்று ஒரு வார்த்தை கேட்பதில் தவறில்லை.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் இந்த வரிசையெல்லாம் செல்லாது. மெஷினின் உடம்பைத் தொட்டால் சுருக்கென்று இழுத்தால், திரையில் என்ன எழுத்து இருந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். மெஷினைத் தொடாமல் மெயினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, முதலில் எர்த் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் பின்கட்டுக்கு மின்சாரம் பிற்பாடுதான் இழுத்திருப்பார்கள், மூன்று ஓட்டை பிளக் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் கம்பி இருக்காது.

ஆச்சி அன்று இரவு பதினொரு மணிக்கு மெஷின் போட்டதாகச் செய்தி அனுப்பினார். கூடவே ஒரு படமும் வந்தது. இந்தத் தடவை படம் நிமிர்ந்துதான் இருந்தது. 37 என்று காட்டியது. கொஞ்சம் பொறுத்து அடுத்த படம் கேட்டேன். 35 என்றிருந்தது.